"சாமி காரியம்தானே"ன்னு சொல்லி டெபாசிட் ரசீது கேக்காம விட்ட நமக்கெல்லாம் ஒரு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் நிர்வாகத்துல இருக்கிறவங்க, திருவிழாவுக்கு ஓடியாடி வேலை செய்யுற இளைஞர்கள், வீட்டு விசேஷத்துக்கு லைட்டு, ஆர்ச், சிலை வாடகைக்கு எடுக்கிறவங்க தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. பெரியவங்க யாராவது மனசு சங்கடப்பட்டா மன்னிக்கணும். ஆனா சொல்லாம இருக்க முடியல.

ஒவ்வொரு ஆடி மாசம் முடிஞ்சதும் ஒரே பாட்டுதான். "அந்த டெக்கோ ஆளு நம்மள ஏமாத்திட்டான்." பிரிக்பீல்ட்ஸ்ல கேட்டாலும் இதுதான், கிளாங்குல கேட்டாலும் இதுதான். நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. அவர்கிட்ட என்ன கேட்டீங்க? என்ன எழுதி வாங்கினீங்க? பதில் வராது. வந்தா, "அட, சாமி காரியத்துல போய் கையெழுத்தெல்லாம் எதுக்குப்பா" அப்படின்னு வரும்.

இந்த ஒரு வசனம்தான் நம்ம கோயில்களோட காசைக் கரைக்குது. சாமி காரியம்கிறதாலதான் கேக்கணும். அது நம்ம சொந்தக் காசு இல்ல. உண்டியல்ல பாட்டி போட்ட அஞ்சு வெள்ளி, உபயக்காரர் ஓவர்டைம் செஞ்சு குடுத்த ஐந்நூறு வெள்ளி. அதை வாய் வார்த்தையில ஒருத்தர் கையில குடுத்துட்டு, பிறகு அவரைத் திட்டுறது பக்தி ஆகாது, சோம்பேறித்தனம்.

எங்க கோயில்ல நடந்ததையே சொல்றேன். கோயில் பேரும் வேண்டாம், டெக்கோ கம்பெனி பேரும் வேண்டாம். தப்பு ரெண்டு பக்கமும் இருந்துச்சு.

ஆடித் திருவிழாவுக்கு நுழைவாயில் ஆர்ச், மண்டபத்தைச் சுத்தித் தொங்கவிடுற எல்இடி திரை லைட்டு நாப்பது செட், ரெண்டு பக்கமும் நிக்க வைக்க ஃபைபர் யானை ஒரு ஜோடி பேசினோம். வாட்ஸ்ஆப்ல அவர் அனுப்பினது ஒரே வரி: "மொத்தம் 4,800. டெபாசிட் 1,500." நாங்க கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு 1,500 வெள்ளியைப் போட்டோம். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

திருவிழா அன்னிக்கு அவர் வந்து 4,800 வாங்கிட்டுப் போனார். பொருளாளர் குடுத்துட்டார். ஏன்னா அவர் நினைச்சது, 1,500 பிணைப்பணம், பொருள் திரும்பிப் போனதும் கைக்கு வந்துடும்னு. தலைவர் நினைச்சது வேற: 1,500 முன்பணம், அதைக் கழிச்சிட்டு 3,300தான் குடுத்திருக்கணும். டெக்கோ அண்ணன் நினைச்சது என்னன்னு அடுத்த வாரம்தான் தெரிஞ்சுது. பன்னிரண்டு செட் லைட்டு செத்துப் போச்சு, ஒண்ணு 85 வெள்ளி, ஆக 1,020. யானைத் தும்பிக்கையில விரிசல், 650. மொத்தம் 1,670. "உங்க டெபாசிட் போக இன்னும் 170 வெள்ளி நீங்கதான் எனக்குத் தரணும்"னார்.

ஒரு சொல்லு, மூணு பேரு, மூணு அர்த்தம். சண்டை இங்கதான் பிறக்குது. அதனால முதல் கேள்வி விலையைப் பத்தி இல்ல, இந்தச் சொல்லைப் பத்திதான்.

டெபாசிட்டுன்னா எந்தக் காசு?

நாம டெபாசிட்னு சொல்ற வார்த்தைக்குள்ள ரெண்டு தனித்தனிக் காசு ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு தேதியைப் பிடிச்சு வைக்கிற முன்பணம். அது வாடகையோட ஒரு பகுதி, கடைசியில கழியும். நாமளே வேண்டாம்னு சொன்னா போகவும் போகலாம். இன்னொண்ணு பிணைப்பணம். பொருள் சேதமானா பிடிக்கிறதுக்காக அவர்கிட்ட இருக்கிற நம்ம காசு. அது வாடகையில சேராது, பொருள் முழுசா திரும்பினா முழுசா திரும்பணும்.

ஆக டெக்கோ ஆளுகிட்ட கேக்க வேண்டியது: "அண்ணே, இந்த 1,500ல எவ்வளவு புக்கிங், எவ்வளவு சேதத்துக்கு? சேதத்துக்குள்ளதை எத்தனை நாள்ல திருப்பிக் குடுப்பீங்க?" ரெண்டையும் ரெண்டு வரியா எழுதச் சொல்லுங்க. பொருளை எடுத்துட்டுப் போன ஏழு நாளைக்குள்ள பிணைப்பணம், பிடிச்சா எதுக்குப் பிடிச்சார்னு படத்தோட பட்டியல். நியாயமான எந்த டெக்கோ ஆளும் இதுக்கு மாட்டேன்னு சொல்ல மாட்டார். மழுப்பினா, அங்கயே உங்களுக்குப் பதில் கிடைச்சிடுச்சு.

அடுத்தது, ரத்தானா என்ன? "கோர்ட்டுக்குப் போனா முன்பணத்தைத் திருப்பி வாங்கிடலாம், அவன் நஷ்டத்தை நிரூபிக்கணும்ல"னு பேசுற சட்டப்புலிகள் நம்ம ஒவ்வொரு கமிட்டியிலயும் ஒருத்தர் இருக்காங்க. ஐயா, அது பழைய கதை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்துல 75ஆம் பிரிவுதான் இதைப் பத்திப் பேசுது. 1995ல வந்த ஒரு கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பை வச்சுத்தான் ரொம்ப வருஷம் அப்படிச் சொல்லிட்டு இருந்தாங்க. பிறகு கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்குல அதே நீதிமன்றம் அதை மாத்திடுச்சு. நஷ்டத்தை எல்லா நேரத்துலயும் நிரூபிச்சே ஆகணும்னு இல்ல, அந்தத் தொகை நியாயமானதாங்கிறதுதான் கேள்வி. நியாயமில்லைன்னு காட்டுற பாரம் பேச்சை மீறினவர் தலையில. அதாவது நாம ரத்து பண்ணினா நாமதான் வாயைத் திறந்து நிரூபிக்கணும்.

அதனால முன்னாடியே கேளுங்க. ரெண்டு மாசத்துக்கு முன்ன ரத்து பண்ணினா எவ்வளவு போகும், ரெண்டு வாரத்துக்கு முன்ன பண்ணினா எவ்வளவு? அதைவிட முக்கியமா, நீங்க வராம போனா என்ன? இதை யாருமே கேக்கிறதில்ல. தை மாசத்துல ஒரு பக்கம் தைப்பூசம், ஒரு பக்கம் கல்யாணம், பல வருஷம் கூடவே சீனப் பெருநாள் வேலையும் சேர்ந்துக்கும். பெரிய ஹோட்டல் கல்யாணம் ஒண்ணு வந்தா நம்ம சின்னக் கோயிலுக்கு ரெண்டு பையன்களையும் பழைய சாமானையும் அனுப்பிடுறாங்க. பேசின பொருள் வரலைன்னா எவ்வளவு கழிப்பீங்க, ஆளே வரலைன்னா முன்பணத்தோட வேற என்ன தருவீங்க, இது காகிதத்துல இருக்கணும்.

இன்னொரு சின்ன விஷயம். பில் கோயில் பேர்ல இருக்கட்டும். ஓடியாடுற தம்பி பேர்ல போட்டுட்டு, நாளைக்குப் பிரச்சனைன்னா அவனைத் தனியா மாட்டி விடாதீங்க. காசும் கம்பெனி கணக்குக்குப் போகட்டும், மச்சான் கணக்குக்குப் போக வேண்டாம்.

சேதமானா யார் பொறுப்பு?

இங்க ஒரு உண்மையைப் பேசணும். ஆடியில நம்மாளுங்க கல்யாணம் வைக்கிறதில்ல. டெக்கோ ஆளுங்க கிடங்குல கல்யாணச் சாமான் சும்மா கிடக்கும். அதைத்தான் கோயிலுக்குக் குறைஞ்ச விலைக்கு விடுறாங்க. தப்பே இல்ல, நமக்கும் லாபம்தான். ஆனா அந்த லைட்டெல்லாம் ஏர்கோன் மண்டபத்துக்குள்ள தொங்க வேண்டிய லைட்டு. நாம அதைக் கூரை விளிம்புல, மரத்துல, வாசல் ஆர்ச்சுல தொங்கவிடுறோம். நம்ம ஊர்ல சாயந்திரமானா இடியும் மழையும் எப்படி இறங்கும்னு சொல்லணுமா?

லைட்டோட அடாப்டரைத் திருப்பிப் பாருங்க. ஐபி-ன்னு போட்டு ரெண்டு எண் இருக்கும். ஐபி 20ன்னா தண்ணிக்குப் பாதுகாப்பே இல்லை, உள்ளுக்குள்ள மட்டும்தான். ஐபி 44ன்னா தெறிக்கிற தண்ணியைத் தாங்கும். ஐபி 65ன்னா பாய்ச்சி அடிச்சாலும் தாங்கும். லைட்டு 65ஆ இருந்து அடாப்டர் 20ஆ இருந்தா புண்ணியமில்ல, பெரும்பாலும் அடாப்டரும் இணைப்பும்தான் முதல்ல போகும். எங்க பன்னிரண்டு செட்டும் அப்படித்தான் போச்சு. மறுநாள் காலையில பார்த்தா அத்தனைக்கும் அடாப்டர் ஐபி 20.

இப்ப யோசிங்க. வெளியில தொங்கவிடத்தான் கேக்கிறோம்னு தெரிஞ்சே உள்ளுக்குள்ள போடுற லைட்டைக் குடுத்துட்டு, மழையில போச்சுன்னு புது விலைக்குக் காசு கேட்டா அது நியாயமா? ஒப்பந்தச் சட்டம் 103ஆம் பிரிவு வாடகைக்கு விடுற பொருளைப் பத்திச் சொல்லுது: பொருள்ல இருக்கிற குறையால வர்ற பாதிப்புக்கு வாடகைக்கு விடுறவர்தான் பொறுப்பு, அந்தக் குறை அவருக்கே தெரியாம இருந்தாலும். எடுத்தவங்க நம்ம கடமை 104ல இருக்கு. நம்ம சொந்தப் பொருளை ஒரு சாதாரண பொறுப்புள்ள மனுஷன் எப்படிப் பார்த்துப்பானோ அப்படிப் பார்த்துக்கணும். அப்படிப் பார்த்துக்கிட்டும் போச்சுன்னா நம்ம மேல பழி இல்லைன்னு 105 சொல்லுது.

ஆனா குதிக்காதீங்க. அந்த 105லயே ஒரு வார்த்தை இருக்கு: தனியா வேற மாதிரி ஒப்பந்தம் பண்ணிக்காத வரைக்கும்தான். பில்லுக்கு அடியில பொடி எழுத்துல "எந்தச் சேதமும் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு"ன்னு அச்சடிச்சிருப்பாங்க பாருங்க, அதுதான் அந்தத் தனி ஒப்பந்தம். அதுல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, மழைக்கும் இடிக்கும் சேர்த்து நீங்களே பொறுப்பு ஏத்துக்கிட்டீங்கன்னு அவர் வாதாடலாம். கையெழுத்தே வேண்டாம்னு சொல்றவங்களும் தப்பு, படிக்காம போடுறவங்களும் தப்பு. அந்த வரியை அடிச்சுட்டு "எடுத்தவர் கவனக்குறைவால் வந்த சேதம் மட்டும்"னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பேனா ஒண்ணு போதும்.

சேதத்துக்குக் கேக்க வேண்டியது மூணு. முதல்ல, விலைப்பட்டியல். லைட்டு ஒரு செட் எவ்வளவு, ஆர்ச் துணி எவ்வளவு, சிலை எவ்வளவு, எல்லாம் பொருள் வர்றதுக்கு முன்னாடியே எழுத்துல. உடைஞ்ச பிறகு சொல்ற விலை எப்பவும் கோபத்தோட விலை. ரெண்டாவது, புது விலையா, பழசோட மதிப்பா? மூணு வருஷம் ஐம்பது கல்யாணம் பார்த்த லைட்டுக்குப் புது லைட்டு விலை கேக்கிறது சரியில்ல. பழுது பார்க்க முடிஞ்சா பழுது பார்க்கிற செலவு மட்டும்னு பேசுங்க. மூணாவது, எங்க பொறுப்பு எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுது? திருவிழா ஞாயித்துக்கிழமை ராத்திரி முடியுது. அவர் லோரி செவ்வாய்க்கிழமைதான் வருது. நடுவுல ஒரு நாள் அந்த யானை வாசல்ல நிக்குது. பசங்க ஏறி விளையாடுறாங்க. அந்த ஒரு நாளைக்கு யார் காவல்? வாடகையே அந்த இடைப்பட்ட நாளைப் பத்திப் பேசாது. சேதம் பாதி அப்பதான் நடக்கும்.

அப்புறம் எண்ணுங்க. இறக்கும்போதே எண்ணுங்க. ஒவ்வொரு செட்டையும் தரையில வச்சு பிளக் போட்டு எரியுதான்னு பாருங்க. சிலைகளை நாலு பக்கமும் படம் எடுங்க, மூக்கு, காது, பீடம் தனியா. அதை அப்பவே அவருக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பிடுங்க, தேதி நேரம் தானா பதிஞ்சிடும். எங்களைக் காப்பாத்தினது அதுதான், அதுவும் திட்டம் போட்டுச் செஞ்சது இல்ல. ஒரு தம்பி யானையோட நின்னு செல்ஃபி எடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம், லோரியில இருந்து இறக்கின நேரம். பெரிசாக்கிப் பார்த்தா தும்பிக்கையில விரிசல் ஏற்கனவே இருக்கு, மேல பெயிண்ட் பூசியிருக்கு.

அந்தப் படத்தைக் காட்டினதும் 650 போச்சு. லைட்டு விஷயத்துல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. வரும்போது எத்தனை எரிஞ்சுதுன்னு யாரும் எண்ணல. அவரும் எது வெளிய போடுற லைட்டுன்னு சொல்லல. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசி, 1,020ல பாதி, 510 எங்க தலையில. மீதி 990 திரும்பி வந்துச்சு. ஒரு செல்ஃபியோட விலை 650 வெள்ளி. ஒரு கணக்கெடுப்பு செய்யாததோட விலை 510 வெள்ளி. அந்த 510க்கு எத்தனை பேருக்கு அன்னதானம் போட்டிருக்கலாம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எத்தனை மணிக்கு முடியும்? (எத்தனை மணிக்கு வருவீங்க இல்ல)

"காலையில வந்துடுவோம்ணே." இந்த வாக்கியத்துல நேரமே இல்ல. காலைங்கிறது ஆறும் காலை, பதினொண்ணே முக்காலும் காலை. அவர் எப்ப வர்றார்ங்கிறது அவரோட கவலை. நமக்கு வேண்டியது எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சு ஏணியும் டேப்பும் குப்பையும் வெளியே போகும்ங்கிறது.

பூஜை நேரத்துல இருந்து பின்னாடி எண்ணுங்க. ராத்திரி எட்டு மணிக்கு உற்சவர் வெளிய வர்றாருன்னு வைங்க. நம்ம பக்கம் இருட்டவே ஏழேகாலுக்கு மேல ஆகும். சாயந்திரம் ஆறு மணிக்கு லைட்டைப் போட்டுக் காட்டி "எல்லாம் ஓகே"ன்னு சொன்னா, வெளிச்சத்துல எந்தப் பல்பு செத்திருக்குன்னு தெரியவே தெரியாது. இருட்டின பிறகு கண்டுபிடிச்சு ஏணி போடும்போது, கீழ மேளம் வந்து நிக்கும், பக்தர்கள் நிப்பாங்க. அதனால முதல் நாள் ராத்திரியே எரிய விட்டுப் பார்க்கணும். குறைஞ்சது ரெண்டு மூணு மணி நேரம், சமையல்கட்டு, ஒலிபெருக்கி, காத்தாடி எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே. ஏன்னா தனியா எரியும்போது எரியும். அன்னதானத்துக்கு ரைஸ் குக்கரை அதே லைன்ல மாட்டினதும் டிரிப் ஆகும். நம்ம சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட் ஒண்ணு தாங்குறது ஏறக்குறைய 3,000 வாட்தான். "உங்க மொத்த வாட் எவ்வளவு, எத்தனை சாக்கெட் வேணும், வயர் யார் கொண்டு வருவாங்க?"ன்னு முன்னாடியே கேட்டு, கோயில் வயர்மேன்கிட்ட அந்த எண்ணைக் குடுத்துடுங்க.

லோரி எங்க நிக்கும்னு கேளுங்க. பிரிக்பீல்ட்ஸ்ல வேலை நாள் சாயந்திரம் ஜாலான் துன் சம்பந்தன்ல லோரியை நிறுத்தி யானையை இறக்க முடியுமா? கிளாங் ஜாலான் தெங்கு கிளானாவுல தீபாவளி நெருக்கத்துல உள்ளயே நுழைய முடியாது. "ஜாம் அண்ணே, என்ன செய்ய"ன்னு சொல்றதுக்கு இடம் குடுக்காதீங்க. ஜாம் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆர்ச் கோயில் நிலத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்தா மாநகராட்சி அனுமதி யார் எடுக்கிறாங்கன்னும் இப்பவே முடிவு பண்ணிடுங்க.

கழட்டுற நேரமும் அப்படித்தான். அவருக்கு மறுநாள் வேற இடத்துல வேலை. அதே லைட்டுதான் அங்கயும் போகணும். அதனால நம்ம மகா தீபாராதனை முடியறதுக்குள்ள பின்னாடி சத்தமில்லாம செட்டை உருவ ஆரம்பிச்சிடுறாங்க. நான் கண்ணால பார்த்திருக்கேன், தட்டு சுத்தும்போது ஒரு பக்கம் இருட்டாகுறதை. "பிரசாதம் குடுத்து முடிச்சு, செயலாளர் சொன்ன பிறகுதான் முதல் வயர் கழட்டணும்"னு ஒரு வரி போடுங்க. தாமதமானா ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கழிக்கிறதுன்னும் பேசுங்க. அந்த மீதிப் பணத்தைத் திருவிழா முடிஞ்ச பிறகு குடுக்கிற மாதிரி வச்சுக்கோங்க. முழுக் காசையும் வேலை முடியறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா, பிறகு நம்ம கையில இருக்கிறது வெறும் கோபம் மட்டும்தான்.

"பிரச்சனைன்னா கேஸ் போட்டுக்கலாம்"

வீட்டு விசேஷத்துக்கு எடுத்தவங்களுக்கு ஒரு வழி இருக்கு. பயனீட்டாளர் நடுவர் மன்றம். 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேண்டாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா சட்டத்துல பயனீட்டாளர்னா சொந்த, வீட்டுப் பயனுக்கு வாங்குறவர். கோயில் கமிட்டி அந்த வார்த்தைக்குள்ள சுலபமா அடங்காது. மாஜிஸ்திரேட் கோர்ட்டு சிறு வழக்கு முறையும் தனி ஆளுக்குத்தான், சங்கத்துக்கு இல்ல. ஆக கோயிலுக்கு உண்மையான பாதுகாப்பு லோரி வர்றதுக்கு முன்னாடி இருக்கிற அந்த ஒரு பக்கக் காகிதம்தான்.

"இவ்வளவு கேட்டா நல்ல டெக்கோ ஆளு கோவிச்சுக்க மாட்டாரா?" இதையும் கேக்கிறாங்க. எங்க அதே டெக்கோ அண்ணனையே இந்த வருஷமும் எடுத்தோம். ஒரு பக்கத்துல எல்லாம் எழுதிக் குடுத்தோம். படிச்சுட்டு அவர் சொன்னது: "இதை மாதிரி எல்லாக் கோயிலும் குடுத்தா எனக்கு எவ்வளவு நிம்மதி. எத்தனை இடத்துல என் சாமான் காணாம போய் நான் வாயை மூடிக்கிட்டு வந்திருக்கேன் தெரியுமா." ஆமா, அதுவும் உண்மை. "கோயிலுக்குத்தானே, விட்டுடுங்க அண்ணே"ன்னு சொல்லி அவங்க லைட்டை உடைச்சிட்டுக் காசு குடுக்காம அனுப்புற கமிட்டிகளும் இருக்கு. அதுவும் பாவம்தான். கேள்வி ரெண்டு பேருக்கும் காவல்.

காப்பி பண்ணி அப்படியே அனுப்ப வசதியா கீழ போடுறேன்:

1. முன்பணம் எவ்வளவு, பிணைப்பணம் எவ்வளவு, தனித்தனியா சொல்லுங்க. பிணைப்பணம் எத்தனை நாள்ல திரும்பும்?
2. நாங்க ரத்து பண்ணினா எவ்வளவு போகும்? நீங்க வராம போனா, பேசின பொருள் வரலைன்னா என்ன தருவீங்க?
3. ஒவ்வொரு பொருளுக்கும் சேத விலை என்ன? பழுது பார்க்கிற செலவா, புது விலையா?
4. எந்த லைட்டு வெளிய மழையில போடலாம்? லைட்டு, அடாப்டர் ரெண்டோட ஐபி எண் என்ன?
5. இறக்கும்போதும் ஏத்தும்போதும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட உங்க ஆளு யாரு?
6. எந்த நாள், எத்தனை மணிக்கு வேலை முடியும்? இருட்டுல எப்ப எரிய விட்டுப் பார்ப்போம்? மொத்த வாட் எவ்வளவு?
7. திருவிழா நேரத்துல லைட்டு போனா எந்த நம்பருக்குக் கூப்பிடணும், எவ்வளவு நேரத்துல ஆள் வருவார்?
8. எப்ப கழட்டுவீங்க, லோரி எப்ப வரும், அதுவரைக்கும் காவல் யாரு?

எட்டுக் கேள்வி. பத்து நிமிஷம். அடுத்த கமிட்டி மீட்டிங்ல "சாமி காரியத்துக்கு எதுக்குக் கையெழுத்து"ன்னு யாராவது சொன்னா, உண்டியல் எண்ணும்போது மட்டும் ஏன் மூணு பேரு உட்கார்ந்து கையெழுத்துப் போடுறோம்னு திருப்பிக் கேளுங்க.

உங்க கோயில்ல என்ன நடந்துச்சுன்னு கீழ எழுதுங்க. கம்பெனி பேரு போட்டு யாரையும் திட்ட வேண்டாம். என்ன கேக்க மறந்தீங்கன்னு மட்டும் எழுதுங்க. அடுத்தவங்களுக்கு அதுதான் உதவும்.